விடைத்தாளை ஒப்படைக்குமுன்: ஒரு குவாண்டம் கணக்கும் நான்கு சோதனைகளும்

குவாண்டம் இயக்கவியல் தேர்வுகளில் ஏதேனும் ஒரு வடிவில் அடிக்கடி கேட்கப்பெறும் கணக்கு ஒன்று உண்டு. அதனைப் பிழையின்றித் தொடங்கி, படிப்படியாக ஒழுங்காகச் செய்து, இறுதியில் தவறான விடையை எழுதிவிடும் மாணவர் பலர். தவறு எங்கே நேர்ந்தது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. ஏனெனில் எழுதிய வரிகளில் எதுவும் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றுவதில்லை. விடையை ஒப்படைக்குமுன் அதனைச் சோதித்துப் பார்ப்பது எவ்வாறு என்பதை இக்கணக்கு ஒன்றைக் கொண்டே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இயல்பாக்கம், அலகு, எல்லை நிலை, சமச்சீர் என்னும் நான்கு சோதனைகளும் இக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பயன்படுகின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் எதனைக் காணும், எதனைக் காணாது என்பதும் இதிலேயே தெளிவாகும்.

கணக்கு

m நிறையுள்ள துகள் ஒன்று ஒரு பரிமாணப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது. பெட்டியின் இடச்சுவர் x = 0 என்னும் புள்ளியிலும், வலச்சுவர் x = a என்னும் புள்ளியிலும் உள்ளன. சுவர்களைத் துகள் ஊடுருவ இயலாது. துகள் தனது மிகக் குறைந்த ஆற்றல் நிலையாகிய அடிநிலையில் இருக்கிறது. இப்பொழுது வலச்சுவர் திடீரென x = 2a என்னும் இடத்துக்கு நகர்த்தப்படுகிறது. உடனே துகளின் ஆற்றலை அளந்தால், கிடைக்கக்கூடிய மதிப்புகளுள் மிக அதிக நிகழ்தகவு உடையது எது? அந்த நிகழ்தகவு யாது?

மாணவர் இதனைச் செய்யும் முறை பின்வருமாறு அமையும். சுவர் திடீரென நகர்வதால், அலைச்சார்பு மாறுவதற்கு நேரமில்லை. ஆகவே சுவர் நகர்ந்த கணத்திலும் அது பழைய வடிவிலேயே இருக்கும்:

ψ(x) = √(2/a) sin(πx/a), 0 முதல் a வரை; a முதல் 2a வரை ψ = 0.

புதிய பெட்டியின் அகலம் 2a. அதற்குரிய நிலைத்த நிலைகளும் அவற்றின் ஆற்றல்களும் இவை:

φₙ(x) = √(1/a) sin(nπx/2a), Eₙ = n²h²/(32ma²).

n-ஆம் நிலையில் துகளைக் காணும் நிகழ்தகவைப் பெற, ψ-ஐயும் φₙ-ஐயும் பெருக்கித் தொகையீடு செய்து, வரும் எண்ணை வர்க்கப்படுத்த வேண்டும். a-க்கு அப்பால் ψ சுழியாதலின், தொகையீடு 0 முதல் a வரை மட்டுமே. இதனைச் செய்தால் கிடைப்பது:

cₙ = 4√2 sin(nπ/2) / [π(4 − n²)].

n இரட்டை எண்ணாயின் sin(nπ/2) சுழியாகும் என்று மாணவர் எழுதுகிறார். n ஒற்றை எண்ணாயின் அதன் வர்க்கம் 1. எனவே,

Pₙ = 32 / [π²(n² − 4)²], n = 1, 3, 5, ...

n = 1 என்று இட்டால் P₁ = 32/9π², அதாவது 0.3603. n = 3 என்று இட்டால் 0.1297. ஆகவே மிக அதிக நிகழ்தகவு உடைய மதிப்பு E₁ என்றும், அதன் நிகழ்தகவு ஏறத்தாழ 0.36 என்றும் எழுதி, விடையின் அடியில் கோடிட்டு முடிக்கிறார்.

தொகையீடு சரியாகவே செய்யப்பட்டிருக்கிறது. பின்ன எண்களும் சரி. ஆயினும் விடை தவறு.

முதற் சோதனை: இயல்பாக்கம்

அலைச்சார்பின் வர்க்கம் நிகழ்தகவைக் குறிக்கும் என்னும் விதியை மாக்ஸ் பார்ன் 1926-ஆம் ஆண்டில் வெளியிட்டார். துகள் எங்கேனும் ஓரிடத்தில் இருந்தே தீரவேண்டும் ஆதலின், எல்லா இடங்களுக்கும் உரிய நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை 1 ஆக வேண்டும். அலைச்சார்பை இந்நிபந்தனைக்கு உட்படுத்துவதே இயல்பாக்கம் எனப்படும். மாணவர் பெரும்பாலோர் கணக்கின் தொடக்கத்தில் A என்னும் மாறிலியைக் கண்டுபிடிக்கும் படியாக மட்டுமே இதனை அறிவர். கணக்கின் முடிவிலும் இவ்விதி பயன்படும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஆற்றலை அளந்தால் E₁, E₂, E₃ என்னும் மதிப்புகளுள் ஏதேனும் ஒன்று கிடைத்தே தீரும். ஆகவே P₁ + P₂ + P₃ + ... என்னும் தொகையும் 1 ஆக வேண்டும்.

மேற்கண்ட விடையை இவ்வாறு கூட்டிப் பார்ப்போம். P₁ = 0.3603, P₃ = 0.1297, P₅ = 0.0074, P₇ = 0.0016, P₉ = 0.0005. இவற்றின் கூட்டுத்தொகை 0.4995. அடுத்து வரும் உறுப்புகள் மிகச் சிறியவை. அவற்றைச் சேர்த்தாலும் தொகை 0.5-ஐத் தாண்டாது. நிகழ்தகவில் சரிபாதி காணாமற் போய்விட்டது!

காணாமற் போனதை எங்கே தேடுவது? ஒற்றை எண்களுக்குரிய மதிப்புகள் நேரடியாகக் கணித்தவை. ஆகவே ஐயம் இரட்டை எண்களின்மீதே விழுகிறது. சூத்திரத்தில் n = 4 என்று இட்டால் மேலே சுழி, கீழே −12π; விடை சுழி என்பதில் ஐயமில்லை. n = 6 என்பதற்கும் அவ்வாறே. ஆனால் n = 2 என்று இட்டால் மேலேயும் சுழி, கீழேயும் சுழி. இங்கே சூத்திரம் எதனையும் கூறுவதில்லை. மேலே உள்ள சுழியை மட்டும் பார்த்து மாணவர் முடிவு செய்துவிட்டார். இந்நிலையில் செய்ய வேண்டியது, n = 2 என்பதைத் தொகையீட்டிலேயே இட்டு மீண்டும் கணிப்பதாகும். φ₂(x) = √(1/a) sin(πx/a) ஆதலின்,

c₂ = √(2/a) · √(1/a) · ∫ sin²(πx/a) dx = (√2/a)(a/2) = 1/√2.

ஆகவே P₂ = 1/2. காணாமற் போன பாதி கிடைத்துவிட்டது. மிக அதிக நிகழ்தகவு உடைய மதிப்பு E₁ அன்று, E₂ ஆகும். E₂-இன் அளவு h²/8ma². இது சுவர் நகருமுன் துகளுக்கு இருந்த ஆற்றலேயாம். E₁ இரண்டாம் இடத்தையே பெறுகிறது.

இச்சோதனைக்கு ஐந்து எண்களைக் கூட்டுவதற்கு வேண்டிய நேரமே தேவை. இதே சோதனை வேறொரு பிழையையும் காட்டிக்கொடுக்கும். புதிய பெட்டியின் நிலைகளை எழுதும்போது √(1/a) என்பதற்குப் பதிலாகப் பழைய √(2/a) என்பதையே எழுதிவிடுவது உண்டு. அவ்வாறு எழுதினால் எல்லா நிகழ்தகவுகளும் இரு மடங்காகும்; P₂ ஒன்றே 1 என வரும், அதன் மேலும் P₁ = 0.72 எனக் கிடைக்கும். தொகை 1-ஐத் தாண்டினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் புதிய நிலைகளின் மாறிலியாகும். தொகை 1-ஐ எட்டாவிடில் பார்க்க வேண்டிய இடம் விடுபட்ட நிலைகளாகும். இவ்வாறு பிழையின் திசையே அதன் இடத்தைச் சுட்டுகிறது.

இரண்டாம் சோதனை: அலகு

அலகுகளைச் சரிபார்ப்பது பள்ளி வகுப்புகளிலேயே கற்பிக்கப்படுவதாகும். ஆனால் குவாண்டம் இயக்கவியலில் அலைச்சார்புக்கே அலகு உண்டு என்பதை மாணவர் மறந்துவிடுகின்றனர். ஒரு பரிமாணத்தில் |ψ|²dx என்பது நிகழ்தகவு. அது வெறும் எண். dx நீளம் ஆதலின், |ψ|² என்பது நீளத்தின் தலைகீழாகவும், ψ என்பது அதன் வர்க்கமூலமாகவும் இருத்தல் வேண்டும். √(2/a) என்னும் மாறிலி இதற்கு இசைகிறது. cₙ-ஐப் பெறும் தொகையீட்டில் இரண்டு அலைச்சார்புகளும் ஒரு dx-உம் உள்ளன. ஆகவே cₙ வெறும் எண்ணாதல் வேண்டும். விடையில் எங்கேனும் √a அல்லது a தங்கியிருந்தால், தொகையீட்டில் மாறியை மாற்றும்போது dx-ஐ மாற்றாமல் விட்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மூன்று பரிமாணக் கணக்குகளில் ψ-இன் அலகு வேறாகும். அங்கே |ψ|² என்பது கன அளவின் தலைகீழாகும்.

ஆற்றலுக்கும் இவ்வாறே. h-இன் அலகு ஜூல்-வினாடி. h²/ma² என்பதில் ஜூலின் வர்க்கமும் வினாடியின் வர்க்கமும் மேலே. கிலோகிராமும் மீட்டரின் வர்க்கமும் கீழே. கிலோகிராம் × மீட்டர்² ÷ வினாடி² என்பதே ஜூல் ஆதலின், முடிவில் ஒரு ஜூல் எஞ்சுகிறது. h² என்பதை h என்று எழுதியிருந்தாலும், a² என்பதை a என்று எழுதியிருந்தாலும் இங்கே பிடிபட்டுவிடும்.

ஆயினும் இச்சோதனையின் குறை ஒன்றை ஆசிரியர்கள் தெளிவாகச் சொல்லித்தருதல் நலம். வெறும் எண்களில் நேரும் பிழை அலகுக்குத் தெரியாது. h, ħ ஆகிய இரண்டுக்கும் அலகு ஒன்றே. அவற்றினிடையே உள்ள வேறுபாடு 2π என்னும் எண் மட்டுமே. பெட்டியின் அடிநிலை ஆற்றலை h²/8ma² என்றும் எழுதலாம், π²ħ²/2ma² என்றும் எழுதலாம். இரண்டையும் கலந்து π²h²/2ma² என்று எழுதுவோர் உண்டு. அலகு சரியாகவே இருக்கும். விடையோ 4π² மடங்கு, அதாவது ஏறத்தாழ 39 மடங்கு பெரிதாகிவிடும்.

இத்தகைய பிழையைப் பிடிக்க, தெரிந்த ஒரு பொருளின் அளவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. ஒரு நானோமீட்டர் அகலமுள்ள பெட்டியில் எலெக்ட்ரான் அடைபட்டிருப்பதாகக் கொண்டால், h²/8ma² என்பது 0.376 எலெக்ட்ரான்-வோல்ட் ஆகும். பிழையான சூத்திரம் 14.8 எலெக்ட்ரான்-வோல்ட் எனத் தரும். ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவைப்படுவது 13.6 எலெக்ட்ரான்-வோல்ட். நமது பெட்டியோ அந்த அணுவைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு அகலமுடையது. அகன்ற இடத்தில் தளர அடைபட்டிருக்கும் எலெக்ட்ரானுக்கு இத்தனை ஆற்றல் இருக்க நியாயமில்லை என்பது உடனே விளங்கும்.

மூன்றாம் சோதனை: எல்லை நிலை

வினாவில் பெட்டி இரு மடங்காகிறது என்று கூறப்பட்டுள்ளது. இரண்டு என்பது ஒரே எண். அதனை மாற்றிப் பார்க்க இயலாது. ஆகவே எல்லை நிலையைச் சோதிக்க விரும்பும் மாணவர், பெட்டி r மடங்காகிறது என்று பொதுவாக வைத்துக்கொண்டு கணக்கைச் செய்வது நன்று. உழைப்பு சிறிதும் கூடுவதில்லை. கிடைக்கும் விடை இது:

Pₙ = 4 sin²(nπ/r) / [π² r (1 − n²/r²)²].

இதில் r = 2 என்று இட்டால் முன்னர்ப் பெற்றதே கிடைக்கும். இப்பொழுது விடை முன்கூட்டியே தெரிந்த நிலைகளில் இச்சூத்திரம் என்ன கூறுகிறது என்று பார்க்கலாம்.

r = 1 என்பது சுவர் நகரவே இல்லை என்று பொருள்படும். அப்பொழுது துகள் அடிநிலையிலேயே இருக்க வேண்டும்; P₁ = 1, மற்றவை யாவும் சுழி. சூத்திரத்தில் n = 1, r = 1 என்று நேரே இட்டால் சுழியைச் சுழியால் வகுக்கும் நிலை மீண்டும் வருகிறது. ஆகவே r = 1 + ε என்று சிறிதே கூட்டி இட வேண்டும். அப்பொழுது sin(π/r) ஏறத்தாழ πε ஆகும். 1 − 1/r² ஏறத்தாழ 2ε ஆகும். மேலே 4π²ε², கீழே 4π²ε², விடை 1. சோதனை நிறைவேறுகிறது. n = 2 முதலிய மற்ற எண்களுக்கு sin(nπ) சுழி, கீழே சுழியன்று; ஆகவே அவை சுழியாகின்றன. இங்கே மாணவர் கற்க வேண்டியது யாதெனில், n = r ஆகும் இடத்திலெல்லாம் இச்சூத்திரம் 0/0 என்னும் வடிவை அடைகிறது என்பதாகும். r = 1 என்பதைச் சோதித்தவர், r = 2 என்னும்போது n = 2 என்பதிலும் அதே எச்சரிக்கையோடு இருந்திருப்பார்.

மறு எல்லை r மிகப் பெரிதாகும் நிலை. பெட்டி மிக அகன்றுவிட்டால், அதன் அடிநிலை மிக நீண்டு பரந்த அலை. துகளோ ஒரு மூலையில் குறுகிய இடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒற்றுமை மிகக் குறைவு. ஆகவே P₁ சுழியை நோக்கிச் செல்ல வேண்டும். சூத்திரத்தில் sin(π/r) ஏறத்தாழ π/r ஆகும்; P₁ ஏறத்தாழ 4/r³ எனக் கிடைக்கிறது. எதிர்பார்த்தவாறே குறைகிறது.

இரண்டு எல்லைகளையும் பார்ப்பது ஏன் தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாணவர் ஒருவர் n/r என்பதற்குப் பதிலாக nr என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். r = 1 என்னும்போது இரண்டும் ஒன்றே; பிழை தெரியாது. r பெரிதாகும்போதோ P₁-இல் sin(πr) வந்து, r கூடக்கூட நிகழ்தகவு ஏறியும் இறங்கியும் பலமுறை சுழியைத் தொடும். நீண்டு பரந்த அலைக்கு அவ்வாறு நேரக் காரணமில்லை ஆதலின், பிழை வெளிப்படும். மாறாக, கீழே உள்ள r என்னும் பெருக்கத்தை விட்டுவிட்டால், r = 1 என்பதும் காட்டாது; r மிகப் பெரிதாகும் நிலையிலும் விடை சுழியை நோக்கியே செல்லும். இப்பிழையைப் பிடிப்பது நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை ஒன்றேயாம். ஒரு சோதனை மற்றொன்றுக்கு மாற்றாகாது என்பது இதனால் தெளிவு.

எல்லை நிலையைத் தவறாகத் தேர்ந்தெடுக்கும் ஆபத்தும் உண்டு. சுவரை மிக மெதுவாக நகர்த்தினால், அடிநிலையில் உள்ள துகள் புதிய பெட்டியின் அடிநிலையிலேயே இருக்கும். பார்ன், ஃபாக் ஆகிய இருவரும் 1928-இல் நிறுவிய தேற்றம் இது. இதனை நினைவிற்கொண்ட மாணவர், r = 2 என்பதற்கும் P₁ = 1 வர வேண்டும் என்று எண்ணித் தமது சரியான விடையையே அடித்துவிடக் கூடும். அத்தேற்றம் மெதுவான மாற்றத்துக்கு உரியது. வினாவிலோ ‘திடீரென’ என்று சொல்லப்பட்டுள்ளது. நமது சூத்திரத்தில் சுவரின் வேகம் என்னும் அளவே இல்லை ஆதலின், அதனைக் கொண்டு மெதுவான எல்லையைச் சோதிக்க இயலாது.

நான்காம் சோதனை: சமச்சீர்

இதனை நான்காவதாகக் கூறினும், தேர்வில் முதலில் செய்யத்தக்கது இதுவே. புதிய பெட்டியின் படத்தை வரைந்து, நடுப்புள்ளியாகிய x = a-இல் ஒரு கோடு இடுக. n = 1, 3, 5 ஆகிய நிலைகள் இக்கோட்டின் இருபுறமும் ஒரே வடிவாய் அமைந்தவை; கண்ணாடியில் பார்த்தாற்போல் மாறாதிருப்பவை. n = 2, 4, 6 ஆகியவை இருபுறமும் குறி மாறி அமைந்தவை; கண்ணாடியில் அவை எதிர்க்குறி பெறும். முன்னவற்றை ஒப்பு நிலைகள் என்றும், பின்னவற்றை எதிர் நிலைகள் என்றும் இங்கே அழைப்போம்.

சுவர் நகர்ந்த கணத்தில் துகளின் அலைச்சார்பு முழுவதும் இடப்பாதியில் இருக்கிறது, வலப்பாதியில் ஒன்றுமில்லை. இத்தகைய எந்தச் சார்பையும் இரு கூறாகப் பிரிக்கலாம். சார்பையும் அதன் கண்ணாடி வடிவையும் கூட்டிப் பாதியாக்கினால் ஒப்புக் கூறு. கழித்துப் பாதியாக்கினால் எதிர்க் கூறு. சார்பு இடப்புறத்திலும் அதன் கண்ணாடி வடிவு வலப்புறத்திலும் தனித்தனியே இருப்பதால், இரு கூறுகளின் வர்க்கங்களும் எங்கும் ஒன்றாகவே இருக்கும். ஆகவே நிகழ்தகவு இரண்டுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்படுகிறது. ஒப்பு நிலைகள் அனைத்துக்கும் சேர்த்து 1/2. எதிர் நிலைகள் அனைத்துக்கும் சேர்த்து 1/2. தொகையீடு எதுவும் செய்யுமுன்னரே இது தெரிந்துவிடுகிறது.

எதிர்க் கூறின் வடிவத்தையும் பார்க்கலாம். இடப்பாதியில் ஒரு முழு மேடு. வலப்பாதியில் அதே அளவுள்ள பள்ளம். இது φ₂-இன் வடிவமே அன்றி வேறன்று. ஆகவே எதிர் நிலைகளுக்குரிய பாதி முழுவதும் n = 2 என்பதற்கே செல்கிறது; n = 4, 6 முதலியவற்றுக்கு ஒன்றுமில்லை. முதற் சோதனையில் கூட்டிப் பெற்ற 0.4995 என்பதும், 0/0 என்னும் இடத்தில் கிடைத்த 1/2 என்பதும் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதற்குக் காரணம் இதுவே. இரட்டை எண்கள் யாவும் சுழி என்று எழுதிய மாணவர் இப்படத்தை வரைந்திருந்தால், அவ்வரியை எழுதியிருக்க மாட்டார்.

இனி வினாவைச் சற்றே மாற்றுவோம். வலச்சுவரை மட்டும் நகர்த்தாமல், இரு சுவர்களையும் a/2 அளவு வெளிநோக்கித் திடீரென நகர்த்துவதாகக் கொள்வோம். புதிய பெட்டியின் அகலம் முன்போல் 2a தான். ஆனால் இப்பொழுது பழைய அலைச்சார்பு புதிய நடுப்புள்ளியின் இருபுறமும் ஒரே வடிவாய் உள்ளது. அதற்கு எதிர்க் கூறே இல்லை. ஆகவே n = 2 உட்பட இரட்டை எண்கள் யாவும் இம்முறை உண்மையாகவே சுழியாகும். கணித்துப் பார்த்தால் P₁ = 64/9π² = 0.7205, P₃ = 64/25π² = 0.2594 எனக் கிடைக்கின்றன. இவை முன்னைய மதிப்புகளின் சரியாக இரு மடங்காகும்; முன்பு பாதியளவே பெற்ற ஒப்பு நிலைகள் இப்பொழுது முழுவதையும் பெறுகின்றன. அகலத்தை மட்டும் பார்த்து ஒரு வினாவின் விடையை மற்றொன்றுக்கு எழுதிய மாணவரைச் சமச்சீர் ஒரே பார்வையில் திருத்திவிடும்.

சமச்சீர் ஒரு விடையைச் சுழி என்று காட்டும். சுழியல்லாத ஒன்றின் அளவை அது பொதுவாகக் காட்டாது. மேலே சரிபாதி என்னும் அளவு கிடைத்தது, அலைச்சார்பு ஒரு பாதியில் மட்டும் இருந்த சிறப்பினால் ஆகும்.

எஞ்சியிருக்கும் ஒரு பிழை

நான்கு சோதனைகளையும் கடந்துவிடக்கூடிய பிழை ஒன்றையும் கூறுதல் வேண்டும். நிகழ்தகவுகளைச் சரியாகக் கணித்த மாணவர், ஆற்றல்களை எழுதும்போது பழைய அகலத்தை வைத்து Eₙ = n²h²/8ma² என எழுதிவிடலாம். நிகழ்தகவுகளின் தொகை 1, அலகு சரி, சமச்சீரும் சரி. r என்பதை ஆற்றலில் கொண்டுவரவே இல்லையாதலின் எல்லை நிலையும் இதனைக் காட்டாது.

இங்கே உதவுவது சராசரி ஆற்றலாகும். திடீரென விலகிய சுவர் துகளின்மீது வேலை எதுவும் செய்யவில்லை, அலைச்சார்பும் மாறவில்லை. ஆகவே ஆற்றலின் சராசரி முன்பிருந்த h²/8ma² ஆகவே இருக்க வேண்டும். புதிய Eₙ-களைக் கொண்டு எழுதினால், P₁ + 4P₂ + 9P₃ + 16P₄ + 25P₅ + ... என்னும் தொகை 4 ஆதல் வேண்டும் என்பது இதன் பொருள். n = 7 வரை கூட்டினால் 3.79 வருகிறது, மேலும் கூட்டக்கூட 4-ஐ நெருங்குகிறது. பழைய அகலத்தை வைத்து எழுதியவருக்கோ சராசரி ஆற்றல் முன்பிருந்ததைப் போல் நான்கு மடங்கை நோக்கிச் செல்லும். பிழை அப்பொழுதே தெரிந்துவிடும். இத்தொகை நிகழ்தகவுத் தொகையைக் காட்டிலும் மெதுவாகவே நிறைவடைகிறது என்பதை மாணவருக்கு முன்னரே சொல்லிவிடுதல் நன்று. x = a என்னுமிடத்தில் அலைச்சார்பு திடீரென முறிந்து சுழியாவதால், உயர்ந்த n மதிப்புகளும் ஆற்றலில் சிறு பங்கு பெறுகின்றன. 3.79 என்பதைக் கண்டு தமது விடை தவறு என்று எவரும் மயங்க வேண்டியதில்லை.

தேர்வுக் கூடத்தில்

இச்சோதனைகளை எல்லாம் இறுதி ஐந்து நிமிடங்களுக்கு ஒதுக்கிவைப்பது முறையன்று. படத்தை வரைந்து சமச்சீரைப் பார்ப்பது தொகையீட்டுக்கு முன் செய்ய வேண்டியது. அது பாதி உழைப்பை மிச்சப்படுத்தவும் கூடும். அலகைப் பார்ப்பது ஒவ்வொரு சூத்திரத்தையும் எழுதி முடித்த உடனே. நிகழ்தகவுகளைக் கூட்டுவதும் எல்லை நிலையைப் பார்ப்பதுமே விடைக்குப் பின் செய்யத்தக்கவை.

சோதனை பிழையைக் காட்டியும் திருத்த நேரமில்லாது போனால், மாணவர் அதனை மறைக்க வேண்டியதில்லை. ‘ஒற்றை எண்களின் நிகழ்தகவுத் தொகை 1/2 மட்டுமே வருகிறது; n = 2 என்னுமிடத்தில் சூத்திரம் 0/0 ஆகிறது; எஞ்சிய பாதி அதற்கு உரியதாக வேண்டும்’ என்று ஒரு வரி எழுதலாம். இக்கணக்கில் அவ்வரியே விடையாகிவிடுகிறது என்பதைக் கவனிக்க.

வகுப்பில் இதனைப் பயிற்றுவிக்க விரும்பும் ஆசிரியர்கள், மேலே கூறிய பிழையான விடையை அப்படியே கரும்பலகையில் எழுதி, பிழை உண்டு என்று சொல்லாமல், ஐந்து நிகழ்தகவுகளையும் மாணவரைக் கொண்டே கூட்டச் செய்யலாம். தொகை 0.4995 என்று வந்தபின், எஞ்சிய பாதி எங்கே என்னும் கேள்வியை மாணவரே எழுப்புவர்.